பெரிய தீக்கு முன்னால் நடக்கும் சின்னத் தீ

காரைக்குடிப் பக்கம் வீடியோ எடுப்பவர்களிடம் ஹோமம் என்று சொல்லிப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே காட்சிதான் கண்முன் வரும். பூர்ணாகுதி. பட்டுத்துணியில் கட்டிய கொப்பரை உள்ளே விழ, நெய் ஊற்ற, தீ ஆள் உயரத்துக்கு எழும். அந்தப் பத்து நொடிக்காக அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் டிரைபாடைச் சுவரில் சாத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

மாறியது ஓர் ஆவணி மாதத்தில். ஊர் வேண்டாம், வீடும் வேண்டாம். செட்டிநாட்டு வீடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியுமே, அந்த மாதிரி வீடு. வளவு முற்றத்தில் செங்கல் அடுக்கிக் குண்டம் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மேற்கில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் நேராக வேண்டும், முன்னால் தீயும் வேண்டும் என்று நான் கிழக்கில் குண்டத்துக்கு மூன்றடி தள்ளி, அகல லென்ஸைப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன்.

பூர்ணாகுதி மூட்டை விழுந்தது. அதோடு ஒரு தட்டு நிறைய மிச்சத் திரவியங்களையும் கொட்டினார்கள். தீ அமுங்கிப்போனது. நெய்யை ஊற்றினார்கள், தீ வரவில்லை, வெள்ளைப் புகைதான் சுருண்டு சுருண்டு வந்தது. இன்னும் ஊற்றினார்கள். இரண்டு மூன்று நொடி இருக்கும். 'புஸ்' என்று ஒரு சத்தம். தீ மேலே போகவில்லை, என் பக்கம் படுத்தது. லென்ஸின் முன்வளையம் இளகி, கேமரா வாரின் ஓரம் உருகி, என் முன்கை முடியெல்லாம் கருகிச் சுருண்டது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

அந்த வெள்ளைப் புகை என்ன என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். அது எரிந்து முடிந்த புகை இல்லை, இன்னும் எரியாத புகை. சூடான விறகிலிருந்து வரும் வாயுவும் நெய்யின் ஆவியும் தீச்சுவாலை இல்லாததால் எரியாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. உள்ளே எங்கோ ஒரு கங்கு பிடித்ததும் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது. தீ இல்லை, புகை மட்டும் கனமாக வருகிறது, ஆனால் நெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. எழுந்து பின்னால் போக வேண்டியதுதான். ஊற்றுகிறவருக்கும் சொல்ல வேண்டும்: நெய்யை நிறுத்துங்கள், விசிறியால் மெல்ல வீசுங்கள், தீ பிடித்த பிறகு ஊற்றுங்கள்.

இன்னொன்றும் புரிந்தது. ஆவணியில் மேல்காற்று. பின்வாசல் மேற்கே இருந்தது, திறந்தும் இருந்தது. காற்று பின்வாசலில் நுழைந்து, முற்றம் வழியாக முகப்புக்குப் போகிறது. தீ கிழக்கே சாயாமல் வேறெங்கே சாயும்? செட்டிநாட்டு வீட்டின் நேர்கோட்டு வாசல்கள் வெயில் காலத்துக்குச் சொர்க்கம். ஹோம குண்டம் வைத்தால் அதே கோடு ஒரு துருத்தி.

அதற்குப் பிறகு தீயை விட்டுவிட்டு, தீயைச் சுற்றி நடப்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கத் தெரிந்த விஷயம் இதுதான்: கணபதி ஹோமத்தில் அர்த்தம் உள்ள காட்சிகளில் முக்கால்வாசி, தீ ஒரு சாண் உயரம்கூட இல்லாதபோது நடக்கின்றன. அப்போது பக்கத்தில் போகலாம். பெரிய தீ வரும்போது தள்ளி நின்றால் போதும், அதற்குள் படத்துக்கு வேண்டியதெல்லாம் கையில் வந்திருக்கும்.

சென்ற தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் எடுத்ததை வைத்துச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் மணிவிழாவுக்கு வந்திருந்தார்கள். மணிவிழாவுக்கு முந்தைய நாள் விடியலில் கணபதி ஹோமம். வாத்தியார் காலை ஐந்தரைக்குத் தொடங்குவதாகச் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. இருட்டோடு தொடங்கி, வானம் வெளுக்கும்போது நடுப்பகுதி வரும். அப்போது வானத்து வெளிச்சமும் தீயின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும், முகமும் தெரியும், தீயும் தெரியும். எட்டு மணி வெயில் முற்றத்தில் இறங்கிவிட்டால் தீயே வெளிறிவிடும். உச்சி வெயிலில் நெய்த் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது படத்துக்கு நஷ்டம் மட்டுமில்லை, பக்கத்தில் நடப்பவர்களுக்கும் ஆபத்து.

ஐந்து மணிக்குப் போய் முதலில் செய்தது, ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் குண்டத்தின் நடுவில் மணலில் குத்தி வைத்தது. புகை தென்மேற்காகப் போனது. தையில் வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்படியென்றால் எனக்கு இடம் வடகிழக்கு. தீ என்னைவிட்டு விலகிச் சாயும், கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் முகமும் முக்கால்வாசி தெரியும். ஆனால் புகையும் தீயும் அவர் பக்கம் போகுமே? முகப்புக் கதவில் ஒரு பலகையைச் சாத்தச் சொன்னேன். ஊதுவத்திப் புகை கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னொரு பலகையையும் சாத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். முற்றத்துக்கு மேலே திறந்த வானம்தான் புகைபோக்கி, அது இழுக்க வேண்டுமென்றால் கீழே எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் எல்லாக் கதவையும் மூடிக்கொண்டு ஹோமம் செய்கிறார்களே, அங்கே கண் எரிச்சல் சின்னப் பிரச்சினை. அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வாசனை இல்லாதது. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் பக்தியில் வந்தது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, வெளியே போய்விட வேண்டும்.

குண்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான் பாதி விஷயம். ஆயிரம் ஆகுதிக்கு ஒரு முழம், பத்தாயிரத்துக்கு இரண்டு முழம் என்று வழக்கு. இங்கே ஒரு முழச் சதுரம். அடியில் இரண்டு வரிசைச் செங்கல், அதன் மேல் மணல். முற்றத்தில் கருங்கல் பாவியிருந்ததால் கவலை இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் போடுவதாக இருந்தால் மணலை இன்னும் கனமாகப் போடச் சொல்வேன், சூட்டில் அந்தக் கல் விரிசல் விடும். அதோடு ஆத்தங்குடிக் கல்லில் நெய் சிந்தினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். டிரைபாடின் காலும் வழுக்கும், நம் காலும் வழுக்கும்.

சரி, ஹோமத்துக்கு வருவோம்.

மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, சங்கல்பம், புண்ணியாகவாசனம், கலச பூஜை எல்லாம் முடிந்த பிறகு குண்டத்துக்கு வருகிறார் வாத்தியார். இன்னும் தீ கிடையாது. தர்ப்பையை எடுத்து மணல் மேல் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று கோடு, தெற்கிலிருந்து வடக்காக மூன்று கோடு போடுகிறார். தண்ணீர் தெளிக்கிறார். கோடு போட்ட தர்ப்பையை எறிந்துவிடுகிறார். அரை நிமிஷ வேலை. உழுது, நீர் தெளித்து, நிலத்தைத் தயார் செய்கிற மாதிரிதான் எனக்குப் படும். கேமராவைக் கையில் எடுத்து, குண்டத்தின் ஓரம் வரை குனிந்து, மணலில் கோடு விழுவதை எடுத்தேன். அன்று முழுவதும் நான் குண்டத்துக்கு அவ்வளவு கிட்டே போனது அப்போது மட்டும்தான்.

பிறகு வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வருகிறது. ஆச்சி ஒரு தாம்பாளத்தில் எடுத்து வந்தார், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார். சில இடங்களில் கற்பூரத்தைக் கொட்டிப் பற்றவைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. கற்பூரம் சட்டென்று உயரப் பிடிக்கும், கரும்புகை விடும், கட்டி உருண்டு வெளியே விழுந்தால் எரிந்துகொண்டே உருளும். அடுப்புக் கங்கு அடக்கமானது. அதற்கு அர்த்தமும் இருக்கிறது. வீட்டில் சோறாக்குகிற தீதான் தேவர்களுக்கும் சோறு கொண்டு போகப் போகிறது. மந்திரத்தில் அக்னியை 'என் பக்கம் முகம் காட்டி இரு' என்று கேட்கிறார்கள். முதல் சுள்ளி பிடிக்கும்போது வாயால் நேராக ஊதுவதில்லை, ஊதுகுழலோ விசிறியோதான். எச்சில் படக்கூடாது என்பது காரணம். முகத்தைத் தீயிடம் கொண்டுபோகாமல் இருப்பது உபரி லாபம்.

தீயைச் சுற்றி நாலு பக்கமும் தர்ப்பை பரப்புகிறார்கள். கிழக்கிலும் மேற்கிலும் போடுவதற்கு நுனி வடக்கு, தெற்கிலும் வடக்கிலும் போடுவதற்கு நுனி கிழக்கு. அதன் பிறகு பரிதி என்று மூன்று குச்சிகள். மேற்கில் வைப்பது தடிமனானது, தெற்கில் வைப்பது நீளமானது, வடக்கில் வைப்பது சின்னது, மெல்லியது. கிழக்கில் குச்சியே கிடையாது. "அங்கே?" என்று கேட்டேன். வாத்தியார் தலையை நிமிர்த்தி வெளுத்துவரும் வானத்தைக் காட்டினார். "சூரியன் காவல் தம்பி. அதனாலதான் அங்கே படுக்காதேன்னு சொல்றேன்." என் ஆவணிக் கதை அவருக்குத் தெரியும்.

தெற்கே பிரம்மாவுக்கு ஓர் ஆசனம். தர்ப்பையில் முடிந்த ஒரு கூர்ச்சம் மட்டும் வைத்திருக்கும், ஆள் இருக்காது. சும்மா கிடக்கிற இடம் என்று டிரைபாடை அங்கே வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குண்டத்துக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் புகுந்து போவதும் தப்பு. வடக்கே பாத்திரங்கள், மேற்கே குடும்பம், தெற்கே பிரம்மா, கிழக்கே சூரியன். இப்படிப் பார்த்தால் கேமராவுக்கு மிஞ்சுவது மூலைகள்தான். அதில் தென்கிழக்கு அக்னியின் மூலை. தை மாத வாடையில் வடகிழக்கு எனக்கு இரண்டு வகையிலும் பொருந்தியது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. நெய்யைச் சுத்தம் செய்வது. உருக்கிய நெய் ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. அதை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார்கள். ஒரு தர்ப்பையைக் கொளுத்தி நெய்யைச் சுற்றிக் காட்டித் தீயில் போடுகிறார்கள். இரண்டு தர்ப்பைப் புல்லால் ஆன பவித்திரத்தை நெய்யில் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுகிறார்கள். பிறகு அந்த முடிச்சை அவிழ்த்து அதையும் தீக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அரையிருட்டில் ஒரே ஒரு புல் எரிகிற வெளிச்சம், அது நெய்யின் மேல் வட்டமாக ஓடுவது. எந்தப் பூர்ணாகுதியும் இதற்கு ஈடாகாது. ஐந்தடி தூரத்தில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தேன். தீ அப்போது ஒரு சாண்தான்.

நெய்யைப் பற்றி ஒரு வார்த்தை. நெய் உருகினால் போதும், காயக்கூடாது. அடுப்பில் மறந்து வைத்துப் புகைய ஆரம்பித்த நெய்யைக் கொண்டுவந்து ஊற்றினால் அது பாதி எரியத் தயாராக வருகிற நெய். இன்னொன்று, நெய்ப் பாத்திரத்திலேயே தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகிக் கொதிநெய்யை நாலு பக்கமும் தூக்கி எறியும். பக்கத்திலேயே கலச பூஜைக்காகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் இருப்பதால் பதற்றத்தில் கை அங்கேதான் போகும். அதனால் நெய்ப் பாத்திரத்துக்குப் பொருந்துகிற தட்டு ஒன்றை முதலிலேயே பக்கத்தில் வைத்துவிடுவேன். மூடினால் அணைந்துவிடும். அப்புறம் ஒரு வாளி மணல், ஒரு நனைத்துப் பிழிந்த சாக்கு. தாழ்வாரத்தில் ஒரு தீயணைப்பான் சிலிண்டரும் இருந்தது. தூண்களும் மேல்தளமும் பர்மாத் தேக்கு, அதற்காகத்தான் அது. குண்டத்தில் அதை அடிப்பதற்கில்லை.

தண்ணீரைத் தீயைச் சுற்றி விடும் இடமும் வருகிறது. தெற்கே அதிதி, மேற்கே அனுமதி, வடக்கே சரஸ்வதி என மூன்று தேவியர், பிறகு சவிதாவைச் சொல்லி முழுதாக ஒரு சுற்று. அந்த மூவரிடமும் 'அனுமன்யஸ்வ', அதாவது அனுமதி கொடு என்று கேட்கிறார்கள். ஹோமம் முடியும்போது அதே நீரை அதே வரிசையில் விடுகிறார்கள், ஆனால் வினைச்சொல் இறந்தகாலமாகிவிடுகிறது: அனுமதி கொடுத்தாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டையும் ஒரே கோணத்தில் எடுக்கிறேன். முதலில் புது விறகும் நிமிர்ந்த தர்ப்பையும், கடைசியில் சாம்பலும் வாடிய புல்லும்.

அதன் பிறகு ஆகாரம் என்கிற நெய்ச் சடங்கு. சுருவம் என்ற மரக்கரண்டியால் நெய்யை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு கோடு என்று குறுக்குக் கோடாக விடுகிறார்கள். முதலாவது பிரஜாபதிக்கு, மனசுக்குள் சொல்லி. இரண்டாவது இந்திரனுக்கு, வாய்விட்டு. இங்கேதான் தீ முதல்முறை எழும். நான் எட்டரை அடிக்குப் பின்வாங்கினேன். அந்தத் தூரம் எப்படி வந்தது? வெப்பம் ஏறக்குறைய தூரத்தின் வர்க்கத்துக்குத் தகுந்து குறையும். நாலடியில் இருப்பதில் கால்வாசிதான் எட்டடியில். ஆனால் நான் கணக்குப் போடுவதில்லை. கேமரா இருக்கும் இடத்தில் என் புறங்கையைத் தீயைப் பார்த்து நீட்டி, பத்து எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் கை இழுத்துக்கொண்டால் அந்த இடம் கேமராவுக்கும் ஆகாது, அதற்குள் இருக்கும் பேட்டரிக்கு நிச்சயமாக ஆகாது.

கேமராவின் அமைப்பு சுலபம். எதையும் தானியங்கியில் விடாமல் பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் நெய் விழும்போதெல்லாம் கேமரா பயந்து இருட்டாக்கும், ஆச்சியின் முகம் கரிக்கட்டையாகும், தீ தணிந்ததும் மறுபடி வெளுக்கும். இரண்டு மணி நேரம் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். நெய் விழுந்து எழும் தீயைப் பார்த்து அளவு வைத்தேன்: தீயின் நடுக்கரு மட்டும் வெள்ளையாகலாம், நாக்குகளில் ஆரஞ்சு நிற்க வேண்டும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தாழ்வாரத்து விளக்குகளும் துடிக்காது. வெள்ளைச் சமநிலையை 3500 கெல்வினில் நிறுத்திவிட்டேன், இல்லாவிட்டால் கேமரா தீயின் நிறத்தைத் 'திருத்தி' வெளிறிய மஞ்சளாக்கும். பேரன் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். தீ எழும் நேரத்தில் திரையில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், அதன் பிறகு எடு என்று காட்டிக் கொடுத்தேன். சில போன்களில் கங்கு ஊதா நிறமாகத் தெரியும். அது கோளாறு இல்லை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி சென்சாரில் கசிந்து விழுகிறது.

அஷ்ட திரவியம் வந்தது. மோதகம், அவல், பொரி, சத்துமாவு, கரும்பு, தேங்காய், எள், வாழைப்பழம். கற்பகப் பிள்ளையார் பக்கத்திலேயே இருக்கும் ஊர், மோதகத்தில் ஆச்சிகள் குறை வைப்பார்களா! இந்த எட்டும் தீயில் எட்டு விதமாக நடந்துகொள்ளும். பொரி விழுந்ததும் தெரியாது. கரும்புத் துண்டில் சாறு கொதித்துச் சீறும். எள் படபடவென்று வெடித்து வெளியே துள்ளும், தாழ்வாக வைத்த லென்ஸில் எண்ணெய்ப் புள்ளி விழுவது பெரும்பாலும் எள்ளினால்தான். உண்மையில் கவனிக்க வேண்டியது சத்துமாவு. பொடியாக அள்ளி வீசினால் காற்றில் பரவும் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பிடித்து ஒரு பந்து மாதிரி எரியும். அதனால் நெய்யும் வெல்லமும் தேனும் விட்டுப் பிசைந்து உருட்டித்தான் போடுகிறார்கள். சில இடங்களில் 'வீடியோவுக்கு நல்லா இருக்கும்' என்று குங்கிலியப் பொடியை வீசுகிறார்கள். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது நாடக மேடை வேலை, ஹோமத்துக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை.

ஆகுதியை எடுக்க ஒரு சூத்திரம் உண்டு. மந்திரம் 'ஸ்வாஹா' என்று முடியும்போதுதான் கை விடும். ஸ்வாஹா அக்னியின் மனைவி, அவள் பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் போய்ச் சேராது என்பார்கள். கை விட்டதும் 'மகா கணபதயே இதம் ந மம' என்று சொல்ல வேண்டும். இது கணபதிக்கு, என்னுடையது இல்லை. தீ எழுவது இந்தச் சொல் வரும்போது. முதலில் கை, அப்புறம் சொல், அப்புறம் தீ. ஒலியைக் கேட்டுக்கொண்டே எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், தீயைத் துரத்த வேண்டியதில்லை. அன்று மணிவிழாக்காரர் முதல் பத்து ஆகுதிவரை 'ந மம'வை உரக்கச் சொன்னார். நூறு தாண்டியதும் உதடு மட்டும் அசைந்தது. அந்த உதடும் தீயின் வெளிச்சமும் இரண்டு நிமிஷம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: தீயின் மேற்பகுதி வழியாக முகத்தை எடுக்காதீர்கள். சூடான காற்று ஒளியை வளைத்து முகத்தை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியவைக்கும். மூலையிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பூர்ணாகுதி நெருங்கியதும் கூட்டமும் நெருங்கியது. கையில் போன், தோளில் பட்டு, நைலான் சேலை. முந்தின நாளே நான் கயிறு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை ஆச்சி கவனித்திருக்கிறார். "கயிறெல்லாம் வேணாம் தம்பி, நம்ம ஆளுக அதைத் தூக்கிட்டு நுழைஞ்சிருவாக. இருங்க" என்று அன்றைக்குச் சாயங்காலமே குண்டத்தைச் சுற்றி ஆறடி தள்ளி மாக்கோலத்தில் ஒரு கரை போட்டுக் காவியும் இட்டிருந்தார். ஈரம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. கோலத்தை யார் மிதிப்பார்கள்? வெளிநாட்டுப் பிள்ளைகள்கூடத் தயங்கித் தயங்கி நின்றார்கள். இருபத்தோரு இழைத் திரியை எரியும் சுடரோடு வாயில் போட்டுப் பிள்ளையார் நோன்பு முடிக்கிற குடும்பம். தீயிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆச்சிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் ஒன்பதடிக்குப் போனேன். பருத்தி வேட்டி, துண்டை இடுப்பில் கட்டியிருந்தேன், கேமரா வாரைக் கழற்றியிருந்தேன். பெடஸ்டல் ஃபேனை அணைக்கச் சொன்னேன். ட்ரோன் விடலாமே என்று ஒரு மாப்பிள்ளை கேட்டார். முற்றத்துக்கு மேலே ட்ரோன் இறங்கினால் அதன் காற்று கங்குகளையும் பொறிகளையும் தேக்குத் தூண் பக்கம் ஊதிவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

கொப்பரை, பாக்கு, காசு எல்லாம் வைத்துச் சிவப்புப் பட்டில் கட்டிய மூட்டை. முழுத் தேங்காயைப் போடாமல் கொப்பரை போடுவதற்குக் காரணம் நடைமுறையிலும் உண்டு, உள்ளே தண்ணீர் இருக்கும் தேங்காய் சூட்டில் வெடிக்கும். மூட்டை விழுந்தது. தீ அரை நொடி அமுங்கியது. வெள்ளைப் புகை. என் கால் தானாகப் பின்னால் போனது. வாத்தியாரும் நெய்க்கரண்டியை உயர்த்தியபடியே நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை விசிறினார். பட்டின் ஓரம் பிடித்தது, தீ நிமிர்ந்தது, அதன் பிறகுதான் வஸோர்தாரை. நீண்ட மரக்கரண்டி வழியாக நெய் அறுபடாத நூலாக இறங்கியது. தீ நேராக மேலே, முற்றத்து ஓட்டு விளிம்பு வரை வெளிச்சம். நான் கேமராவை அசைக்கக்கூட இல்லை. அன்று அந்தக் காட்சியில் எடுத்தது மொத்தம் நாற்பது நொடி.

முடிந்ததும் எல்லாரும் ரட்சைக்குக் கை நீட்டினார்கள். நெய்யில் குழைத்த கரும்பொட்டு. நான் லென்ஸை ஆறவிட்டுப் பிறகுதான் துடைத்தேன். முன்னால் போட்டிருந்த கண்ணாடி வடிகட்டியில் நெய்ப்படலம் மெல்லிசாகப் படிந்திருந்தது. லென்ஸை மாற்ற வேண்டியிருந்தால் புகைக்குள் மாற்றக் கூடாது, அந்தப் படலம் உள்ளே போய் உட்காரும். ஒரு சின்னப் பையனுக்கு விரல் நுனியில் சூடு பட்டிருந்தது, தொட்டுப் பார்த்திருக்கிறான். யாரோ நெய் தடவப் போனார்கள். ஆச்சி அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போய் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெய்யோ பற்பசையோ தடவினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கொப்புளம் போடவில்லை.

மத்தியானம் சாப்பாடு ஆகி, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது மணி நாலு. குண்டம் சாம்பல் பூத்து அடங்கிக் கிடந்தது. ஒரு வேலையாள் அள்ளிப் பிளாஸ்டிக் கூடையில் போட வந்தார். ஒரு குச்சியால் கிளறிக் காட்டினேன். இரண்டு விரல் ஆழத்தில் கங்கு சிவப்பாகக் கண் திறந்தது. ஆச்சி உள்ளே போய் இரண்டு பேரை விட்டு ஒரு இரும்பு அண்டாவைத் தூக்கி வரச் சொல்லி, குண்டத்தின் மேல் கவிழ்க்கச் சொன்னார்.

"நாளைக்கு மணிவிழா எடுக்க வர்றபோது நீங்களே தூக்கிப் பாருங்க தம்பி" என்றார்.

மறுநாள் தூக்கிப் பார்த்தேன். வெறும் சாம்பல், நடுவில் உருகாத ஒரு காசு.